அவர் அணியாத மாலை

கல்யாண ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்த என்னை முத்துக்கடைக்கு அழைத்துக்கொண்டது அக்காதான். அக்கா என்றால் கடைக்காரருடைய மனைவி. கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஸ்டுடியோவை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அக்கா, "நகையப் படம் புடிச்சி நெட்டுல போடணும். எனக்கு வெளிச்சம் தெரியாது, உனக்குத் தெரியும். வந்துரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் நான் அங்கே இருந்தேன்.

கடை பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே கடை, மேலே முத்துக் கோர்க்கிற அறை. தூத்துக்குடிக்கு வருகிறவர்கள் இந்தக் கடலில் எடுத்த முத்து என்று நினைத்துக்கொண்டுதான் படியேறுவார்கள். இங்கே முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. அண்ணாச்சி அதை மறைக்க மாட்டார். "வளர்ப்பு முத்து, வெளியூர்ச் சரக்கு. கோர்வை மட்டும் நம்மது" என்று பெட்டியைத் திறக்கும்போதே சொல்லிவிடுவார். பாதிப் பேர் முகம் வாடித் திரும்பிப்போவார்கள். நெட்டில் விற்க ஆரம்பித்தபோதும் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அந்த வரியை எழுதச் சொன்னார். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பின்னால் நடந்ததைக் கேட்கிறவர்கள் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது.

மாடி அறையில் கிழக்கு ஜன்னல் ஓரமாக ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, காலை வெயில் கண்ணைக் குத்தாமல் வரும்படி செய்துகொண்டேன். உப்புக்காற்றில் லென்ஸ் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கேமராவை அரிசி டப்பா மாதிரி இறுக மூடுகிற ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். ஒவ்வொரு மாலையையும் முதலில் கறுப்புத் துணியில் நீட்டிப் போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுப்பேன். அடுத்த படத்துக்கு அக்கா வந்து உட்காருவார். உதட்டுக்குக் கீழே தொடங்கி மார்புக்கு மேலே முடிகிற படம். முகம் வராது. "மூஞ்சியா விக்கோம், மாலையத்தான விக்கோம்" என்பார். கழுத்தை நிமிர்த்தி அசையாமல் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கீழே கடைக்கு வருகிறவரின் குரல் கேட்டதும் எட்டிப்பார்ப்பார். அப்புறம் மாலையை மறுபடி சரியாக்க வேண்டும்.

முதல் மாதத்திலேயே ஒரு பார்சல் திரும்பி வந்தது. படத்தில் ரோஜா நிறமாகத் தெரிந்த முத்து, கைக்கு வந்ததும் வெள்ளையாக இருக்கிறதாம். நான்தான் கம்ப்யூட்டரில் நிறத்தைக் கொஞ்சம் தூக்கியிருந்தேன். ஸ்டுடியோப் பழக்கம். அக்கா அந்த மாலையைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணா இருக்க வரைக்கும் திருத்து. அதுக்கு மேல போனா, போனேன்னு எழுது" என்றார். அதன்பிறகு அதுவே எங்கள் முறையாகிவிட்டது. வெளிச்சத்தை மட்டும் கூட்டியிருந்தால் அப்படி எழுதுவோம். தூசியையோ நூல் பிசிரையோ அழித்திருந்தால் அதையும் எழுதுவோம். இரண்டாவது படத்தின் கீழே எப்போதும் "அணிந்து எடுத்த படம்" என்று இருக்கும். வாங்குகிறவர்கள் போனில் கூப்பிட்டு, அந்தம்மா போட்டிருக்கிற மாதிரியே வேண்டும் என்பார்கள். அக்கா கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

கடையை மறுபடி திறந்தபோது அண்ணாச்சி மாடிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். புதுச் சரக்கு வந்துகொண்டே இருந்தது. நான் வெல்வெட் சுற்றிய கழுத்துப் பொம்மையில் மாட்டி எடுத்தேன். பொம்மையின் கழுத்தில் எந்த மாலையும் மாலையாகத் தெரியவில்லை. ஆர்டர் குறைந்தது. நான் போட்டுக்கொள்கிறேன், என் வீட்டுக்காரர் வந்து படம் எடுப்பார் என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கல்லாவைப் பார்த்தபடியே, "வேண்டாம்ளா" என்றார்.

மதுரையில் ஓர் ஆபீஸ் இப்படிப் படம் செய்து தருகிறது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. துணியில் கிடக்கிற மாலையின் படத்தை அனுப்பினால், யார் வேண்டுமோ அவர் அணிந்திருப்பதுபோலக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கித் தந்துவிடுகிறார்கள். பழைய படங்கள் கொஞ்சம் கொடுத்தால் போதும். அண்ணாச்சி என்னிடம் அக்காவின் பழைய படங்களைப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன். பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

படங்கள் வந்த அன்று நெடுநாளைக்குப் பிறகு மாடியேறி வந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். போன வாரம் வந்த மாலைகள் எல்லாம் அக்காவின் கழுத்தில் இருந்தன. ஜன்னல், வெள்ளைத் திரை, இடது பக்கத்திலிருந்து வருகிற வெயில், அவர் வழக்கமாகக் கட்டுகிற பச்சைச் சேலையின் கரை. அண்ணாச்சி வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு அவர், போட்டுவிடு என்றார்.

கீழே என்ன எழுத என்று கேட்டேன்.

"எப்பவும் எழுதுததுதான்."

"அது அணிந்து எடுத்த படம்னு இருக்கும் அண்ணாச்சி. இது கம்ப்யூட்டர் செஞ்ச படம்லா. அப்படி எழுதணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்படி எழுதினா என்ன அர்த்தம்? அவ போடலன்னு அர்த்தம். அவ இல்லன்னு அர்த்தம். அத என் கையால ஊருக்கெல்லாம் எழுதிப் போடணுமாக்கும்?"

வியாபாரத்துக்காக அவர் அதை மறைக்கவில்லை. எனக்கு அப்போதே அது புரிந்தது, அதனாலேயே என்னால் வாதாட முடியவில்லை. "அணிந்து எடுத்த படம்" என்று மட்டும் எழுத மாட்டேன் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். கடைசியில், விவரங்கள் எல்லாம் முடிகிற இடத்தில், நிறம் சற்று மாறலாம், பார்சல் வரத் தாமதமாகலாம் என்கிற வரிகளோடு "படங்கள் விளக்கத்துக்காக மட்டும்" என்றொரு வரி சேர்ந்தது. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எழுதிய எனக்கே சொல்லத் தெரியாது. "மேலும்" என்பதைத் தொட்டால்தான் அது கண்ணிலும் படும். படத்தை மட்டும் சேமித்து வாட்ஸப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பும்போது அந்த வரி கூடப் போகாது.

பதிவேற்றுவதற்கு முன்னால் துணியில் எடுத்த படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முத்துகளை எல்லாம் ஒரே உருண்டையாக்கியிருந்தது. எங்களிடம் இருந்தது அரிசி முத்து, ஒன்றுக்கொன்று கோணலாகத்தான் இருக்கும். ஒரு மாலையில் கொக்கியின் வடிவமே மாறியிருந்தது. எல்லாவற்றையும்விட நீளம்தான் தப்பாக இருந்தது. துணியில் கிடக்கிற மாலை எத்தனை அங்குலம் என்று அதற்குத் தெரியாது. கழுத்தில் எங்கே கிடந்தால் அழகாக இருக்குமோ அங்கே போட்டுவிட்டது. மூன்று சரம் வைத்த ஒரு மாலை நெஞ்செலும்புக்குக் கீழே இறங்குகிற நீளம். படத்தில் அது தொண்டைக்குழியை மூடி, பட்டையாக இறுக்கிக்கொண்டு கிடந்தது. அண்ணாச்சியிடம் காட்டினேன். நீளத்தைத்தான் எழுத்தில் போட்டிருக்கிறோமே, படிக்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள் என்றார். ஆர்டர் மறுபடி வர ஆரம்பித்தது. அந்த மூன்று சர மாலைதான் அதிகம் போனது. திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அண்ணாச்சி பேசாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தை மாதம் முடிகிற சமயம் ஒரு பகல் வேளையில் ஓர் அம்மா வந்தார். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம், பள்ளிக்கூடச் சத்துணவுக்குச் சமைக்கிற வேலை. பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. எங்கள் கடையின் அட்டைப்பெட்டியை மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். சண்டைக்கு வந்தவர் இல்லை என்பது அவர் டம்ளரை வாங்கிய விதத்திலேயே தெரிந்தது.

திருப்பித் தர வந்தீர்களா, பரவாயில்லை, கொடுங்கள் என்று அண்ணாச்சி கையை நீட்டினார். அந்த அம்மா பெட்டியைக் கொடுக்கவில்லை. போனை எடுத்து, மூன்று சர மாலையின் படத்தைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இந்தப் படத்துல போட்டிருக்காவள்ளா, அவுகளக் கொஞ்சம் கூப்பிடுதீகளா? இத எப்படிப் போட்டாவன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருதேன்."

அண்ணாச்சி அசையாமல் நின்றார். நான் முந்திக்கொண்டு, என்னவென்று என்னிடம் சொல்லுங்கள், நான்தான் படம் எடுக்கிறவள் என்றேன். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

மகளுக்குப் போன வருஷம் தைராய்டு ஆபரேஷன். கழுத்தின் அடியில் குறுக்கே ஒரு தழும்பு. மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் சொல்லித்தான் பேசி முடித்தார்கள், அவர்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மகளுக்குத்தான் கூச்சம். இத்தனை பேர் முன்னால் மேடையில் எப்படி உட்காருவேன் என்று அழுதிருக்கிறாள். அம்மாவும் மகளும் சேர்ந்து போனில் மாலை தேடியிருக்கிறார்கள். எத்தனையோ பார்த்து, கடைசியில் எங்கள் படத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். தழும்பு இருக்கிற இடம் இந்தம்மாவுக்கு அப்படியே மறைந்திருக்கிறது பார் என்று மகள்தான் முதலில் சொன்னாளாம். பார்சல் வந்ததும் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்று காலையில்தான் பிரித்தார்கள்.

"போட்டா கீழ எறங்கிட்டு. ஊக்கு வச்சு இழுத்துப் பாத்தோம், சுருட்டிப் பாத்தோம். நிக்கல. நாங்கதான் போடத் தெரியாமப் போட்டோமோன்னு இருந்துச்சு. அங்குலம் எழுதியிருக்குன்னு பெறவு யாரோ சொன்னாவ. எனக்கு அது தெரியாது அண்ணாச்சி. அவுக கழுத்துல கெடந்தத நம்பித்தான் வாங்கினேன்."

மேடையில் மகள் வலது கையைக் கழுத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாளாம். படம் எடுக்கிறவர் கையை எடும்மா, கையை எடும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். மாப்பிள்ளையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாராம். அவள் எடுக்கவில்லை. தாலி கட்டுகிற நேரம் மட்டும் எடுத்தாள். ஆல்பம் நேற்று வந்தது. எல்லாப் படத்திலும் கை கழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மகள் ஆல்பத்தை மூடிப் பரணில் வைத்துவிட்டாள்.

நான் எத்தனையோ பெண்களிடம் அப்படிச் சொன்னவள். கையை எடும்மா, நிமிந்து பாரும்மா.

அந்த அம்மா மறுபடி அண்ணாச்சியைப் பார்த்தார். மறுவீட்டு விருந்து இன்னும் பாக்கி இருக்கிறது, அதற்காவது சரியாகப் போட்டுவிடலாம் என்றுதான் வந்தேன், படத்தில் இருக்கிறவர் வெளியே போயிருந்தால் காத்திருக்கிறேன் என்றார்.

அண்ணாச்சி கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தார்.

"அவ இல்லம்மா. எறந்துட்டா. இந்த மால கடைக்கு வரும்போது அவ உயிரோட இல்ல."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சியேதான் மேலே சொன்னார், என்னைச் சொல்ல விடவில்லை. "இது கம்ப்யூட்டர்ல செஞ்ச படம். அவ இதத் தொட்டது கூட இல்ல. யாரு கழுத்துலயும் இது இப்படி நிக்காது. ஒங்க மக சரியாத்தான் போட்டிருக்கா."

அந்த அம்மா கோபப்படுவார் என்று எனக்குப் பயம். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரியாமல் கேட்டுவிட்டேன் அண்ணாச்சி, மன்னித்துவிடுங்கள் என்றார். பிறகு எழுந்து நின்று, பெட்டியைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார். மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று சொன்னார்.

"செஞ்ச படம்னு ஒரு வரி போட்டிருந்தா அளந்து வாங்கியிருப்போம்."

மாலையை மகளின் கழுத்தளவுக்குச் சுருக்கி, இன்னும் இரண்டு சரம் சேர்த்துக் கோர்த்துத் தருகிறேன் என்று அண்ணாச்சி கெஞ்சினார். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போன் நம்பரை மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு அந்த அம்மா போய்விட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கையை மடக்கிக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போகவில்லை. மாடிக்கு வந்தார். எழுதுளா என்றார். நான் டைப் செய்தேன். அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "இது கணினியில் உருவாக்கிய படம். இந்த மாலையை யாரும் அணிந்து எடுத்ததல்ல. நீளத்தையும் முத்தின் வடிவத்தையும் இதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அளவுகோலோடு எடுத்த முதல் படத்தைப் பார்க்கவும்."

கீழே போட்டால் பார்க்க மாட்டார்கள், படத்தின் மேலேயே எழுத வேண்டும், அப்போதுதான் படத்தை யாருக்கு அனுப்பினாலும் கூடவே போகும் என்று நான் சொன்னேன். சரி என்றார். முதல் வரியை மட்டும் சுருக்கி, படத்தின் மேல் மூலையில், வெயில் விழாத இருட்டான இடத்தில் வெள்ளை எழுத்தில் போட்டேன். சிறியதாக இருக்கிறது, பெரிதாக்கு என்றார். போனில் திறந்து பார்த்து, இன்னும் பெரிதாக்கு என்றார். எழுத்து அக்காவின் தோளைத் தொடுகிற அளவுக்கு வந்ததும் போதும் என்றார்.

இப்படி நாலைந்து படம் முடிந்திருக்கும். அடுத்ததைத் திறந்தபோது, பொறு என்றார். பக்கத்தில் அவளுடைய பழைய படம் ஒன்றைத் திற என்றார். திறந்தேன். உயிரோடு இருந்தபோது எடுத்தது, ஒற்றைச் சர மாலை. இரண்டையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ கழுத்துல குறுக்க ரெண்டு கோடு கெடக்கும். இதுல இல்ல பாத்தியா. காதுக்குக் கீழ ஒரு பரு மாதிரி இருக்கும், அதையும் காணோம்." பழைய படத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டார். "இத்தன நாளா புதுசத்தான் தெனமும் பாக்கேன். நேத்து அவ கழுத்த நெனச்சுப் பாத்தா, கோடு இல்லாமத்தான் ஞாபகம் வருது. எனக்கே மறந்துபோச்சுளா."

அழுதார். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கழுத்தை அவருக்கு அடுத்தபடி அதிகம் பார்த்தவள் நான்தான். அந்தக் கோடுகள் நிழலாக விழாமல் இருக்க எத்தனை முறை வேட்டித் திரையை நகர்த்தியிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் அழித்ததில்லை.

எழுதி வைத்த படங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். எழுத்தோடு இருந்தால் தப்பில்லையே அண்ணாச்சி, வாங்குகிறவர்களுக்கு உண்மை தெரியும்தானே என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் போகிறது என்றார். கடையின் நெட் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அவருடைய போனிலும் சில இருந்தன. அவற்றை அவரே அழித்தார். ஏற்கனவே வாங்கியவர்களுக்கு எல்லாம் ஒரு செய்தி அனுப்பினோம். நீங்கள் பார்த்தது உருவாக்கிய படம், நாங்கள் அதைச் சொல்லவில்லை, மாலை உங்களுக்கு ஒத்துவராவிட்டால் அனுப்பிவிடுங்கள் என்று. சிலர் அனுப்பினார்கள். பலர் பதிலே போடவில்லை.

ஆழ்வார்திருநகரிக்காரருக்குச் சில நாள் கழித்து நான் போன் செய்தேன். மகளின் கழுத்தை நூலால் சுற்றி அளந்து சொன்னால் போதும், நாங்கள் கோர்த்து அனுப்புகிறோம் என்றேன். அவர் தன்மையாகத்தான் பேசினார். விருந்து முடிந்துவிட்டதாம். மகள் தாலியைத் தவிர இப்போது கழுத்தில் எதுவும் போடுவதில்லையாம், மாலை என்று பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாளாம். "நீங்க வருத்தப்படாதீக. அந்த அண்ணாச்சியப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது மாலையை நான் போட்டுக்கொள்கிறேன், அண்ணாச்சியும் இந்த முறை தடுக்கவில்லை. கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் நிறுத்தி, அது தானாக எடுக்கும்படி நேரம் வைத்து எடுக்கிறேன். "அணிந்து எடுத்த படம். வெளிச்சம் மட்டும் கூட்டியது" என்று எழுதுகிறேன். கழுத்தின் சுற்றளவையும் சேர்த்து எழுதுகிறேன், அதை வைத்து வாங்குகிறவர்கள் தங்கள் கழுத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். படம் பார்த்துச் சொல்லுங்கள் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டால் கீழிருந்தபடியே, நீயே பார்த்துப் போடு என்பார். நான் போட்டுவிடுவேன்.